நீள்வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி

ரோஷன் பீவியைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று கேட்டால், ஒன்றும் இல்லை. ஆனால் வேறு யார் எழுதப் போகிறார்கள்? அந்தப் பள்ளிக்கூடத்துக்காரர்களா?

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் பெயர் தங்கதுரை. ஊரில் பாதி வாத்தியார்களின் வினாத்தாளை நான்தான் அடிக்கிறேன். கணக்குத் தாளைப் பின்னமும் அடுக்கும் பிசகாமல் அடிக்க இந்த வட்டாரத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது. அந்தத் திமிரும் எனக்கு உண்டு.

ரோஷன் பீவி ஒரு தனியார் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். எம்.எஸ்சி., பி.எட். அவருடைய அத்தா, அதாவது அப்பா, கடைவீதியில் கோரைப்பாய் வியாபாரம் செய்தவர். அவர் இறந்த பிறகு அம்மாவும் தங்கையும் இவர் கையில். ஒன்பது வருஷமும் தற்காலிக வேலைதான். ஏப்ரலில் வீட்டுக்கு அனுப்பி, ஜூனில் புதிதாகச் சேர்ப்பது போல் சேர்த்துக்கொள்வார்கள். அப்படிச் செய்தால் ஒன்பது வருஷமும் ஒரு வருஷம்தானாம். எப்படி இருக்கிறது பாருங்கள் கதை!

அந்த வருஷம்தான் தாளாளர் வாயைத் திறந்தார். கணக்குக்கு ஒரு நிரந்தர இடம் உண்டு, ரோஷன் பீவி, தனசேகரன் இருவரில் ஒருவருக்கு, காலாண்டுத் தேர்வு முடிந்ததும் முடிவு என்றார். தனசேகரன் வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. "இந்தத் தடவ எனக்குத்தாண்ணே வரும்" என்று ரோஷன் பீவி கடை வாசலில் நின்று சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

தேர்வுக்கு முன் பயிற்சித்தாள் ஒன்று கொடுப்பார். வட்டத்துக்கும் நீள்வட்டத்துக்கும் ஒரு புள்ளியில் தொடுகோட்டின் சாய்வு காண்பது. சமன்பாட்டை y = என்று பிரித்தெடுக்காமல் அப்படியே இரண்டு பக்கமும் வகையிட வேண்டும். x² + y² = 25 என்றால் 2x + 2y·dy/dx = 0. அதிலிருந்து dy/dx = −x/y. (3, 4) என்ற புள்ளியில் சாய்வு −3/4. அடித்து அடித்து எனக்கே பாடமாகிவிட்டது.

பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதாமல் இருக்க ஏ, பி என்று இரண்டு செட் அடிப்போம். ஏ செட்டை டீச்சர் எழுதித் தருவார், பி செட்டுக்கு நானே எண்ணை மாற்றிவிடுவேன். எல்லா வாத்தியாருக்கும் இதுதான் வழக்கம். தெரிந்தால் நிர்வாகம் கத்தும், அதனால் யாரும் வெளியே சொல்வதில்லை. ரோஷன் பீவி மட்டும் ஒன்று சொல்லி வைத்திருந்தார்: "வட்டத்துக்கு மூணு நாலுன்னு இருந்தா நாலு மூணுன்னு திருப்பிப் போட்டுக்கோங்க, தப்பில்ல. மத்ததுல கைய வெக்காதீங்கண்ணே."

அன்றைக்கு அவர் கொடுத்த தாளில் 4x² + 9y² = 72 என்ற நீள்வட்டமும் (3, 2) என்ற புள்ளியும் இருந்தன. ஓரத்தில், "பி செட் புள்ளி மாலையில் தருகிறேன். மாற்ற வேண்டாம்" என்று எழுதியிருந்தார். மாலையில் அவருக்குப் பள்ளி பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றிவிடும் வேலை. வரவில்லை. பள்ளி ஆபீஸிலிருந்து போன் மேல் போன். "அஞ்சு மணிக்குள்ள வரணும். இன்னா பண்ணிக்கினு இருக்கற?"

நான் (3, 2)-ஐ (2, 3) ஆக்கினேன். வட்டத்துக்குச் சரியானது இதற்கு மட்டும் ஆகாமல் போகுமா என்ற மப்பு. விடைக்குறிப்பையும் நானே போட்டேன். 8x + 18y·dy/dx = 0, அதாவது dy/dx = −4x/9y. எண்ணைப் போட்டதும் −8/27 வந்தது. பெருமையாகக்கூட இருந்தது, அடப்பாவி! தாளை ஆபீஸ் ஆள் வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் முதல் பீரியடிலேயே வகுப்பில் கொடுத்துவிட்டார்கள்.

வட்டத்தில் xஉம் yஉம் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது. நீள்வட்டத்தில் மாறும். (2, 3)-ஐப் போட்டால் 16 + 81, தொண்ணூற்றேழு. எழுபத்திரண்டு இல்லை. அந்தப் புள்ளி நீள்வட்டத்தின் மேலேயே இல்லை, வெளியே நிற்கிறது. அங்கே ஏது தொடுகோடு, ஏது சாய்வு? சூத்திரம் இதையெல்லாம் கேட்காது. எந்த எண்ணைப் போட்டாலும் ஏதோ ஒரு விடையைத் தந்துவிடும்.

பி செட் பிள்ளைகள் எல்லோரும் −8/27 என்று எழுதினார்கள். கமலா என்ற ஒரு பெண் மட்டும், "97 ≠ 72. புள்ளி வளைவரையின் மேல் இல்லை" என்று எழுதி விட்டுவிட்டாள். பி செட்டைத் திருத்திய தனசேகரன் விடைக்குறிப்பைப் பார்த்து பூஜ்யம் போட்டார். கமலாவின் அப்பா வக்கீல். மறுநாளே தாளோடு பள்ளிக்கு வந்துவிட்டார்.

முதலில் புள்ளி வளைவரையின் மேல் இருக்கிறதா என்று பார், பிறகு வகையிடு. இதை அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்ததே ரோஷன் பீவிதான்.

அன்று சாயந்திரம் கடைக்கு ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. "அண்ணே, நான் எழுதின தாள் இருக்குதா? எனக்குப் புள்ளி போடத் தெரியாதுன்னு சொல்றாங்க. ஓரத்துல எழுதியிருந்தேனே, அத காட்டினா போதும். நாளைக்கு வந்து ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே."

மேஜை டிராயரில்தான் இருந்தது. என் முழங்கால் அதில் இடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பள்ளியின் அத்தனை அச்சு வேலையும் என் கடைக்குத்தான் வருகிறது.

"கிழிச்சுப் போட்டுட்டேம்மா" என்றேன்.

மறுநாள் தாளாளர் அறைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். ரோஷன் பீவி நின்றுகொண்டிருந்தார், தனசேகரன் உட்கார்ந்திருந்தார்.

"குடுத்தததான அடிச்ச?" என்றார் தாளாளர்.

"ஆமாங்க சார். குடுத்தத அடிச்சேன்."

ரோஷன் பீவி என்னைப் பார்த்தார். புள்ளியை நான்தான் மாற்றினேன் என்று அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தாராம். என் வாயால் அது பொய்யாகிவிட்டது. தப்பையும் செய்து, பழியை டிடிபிக்காரன் மேல் போடுகிறாள் என்று பேர் வேறு. நிரந்தர இடம் தனசேகரனுக்குப் போனது. ஏப்ரலில் வழக்கம்போல் ரோஷன் பீவியை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜூனில் கூப்பிடவில்லை. பள்ளியின் அச்சு வேலை மட்டும் எனக்குத் தடையில்லாமல் வந்துகொண்டிருக்கிறது. நல்லா இருக்கட்டும் என் பிழைப்பு!

இப்போது அவர் வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். ஒரு வருஷம் கடைப்பக்கம் வரவில்லை. போன மாதம் வந்தார். கணக்கு அடிக்க இந்த ஊரில் வேறு ஆள் இல்லையே, என்ன செய்வார்? அதே தொடுகோட்டுச் சாய்வுத் தாள். இந்த முறை இரண்டு செட்டையும் அவரே எழுதியிருந்தார். நீள்வட்டத்துக்கு ஏ செட்டில் (3, 2), பி செட்டில் (−3, 2). ஒரு கழித்தல் குறி, அவ்வளவுதான். சாய்வு −2/3-க்குப் பதில் 2/3. ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே சிவப்பு மையில் 36 + 36 = 72 என்று சரிபார்த்து வைத்திருந்தார்.

டிராயர் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். இனி கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "உக்காரும்மா, அம்மா எப்படி இருக்காங்க?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் உட்காரவில்லை. ஒன்பது வருஷமாக என்னை அண்ணே என்று கூப்பிட்டவர், தாளை மேஜைமேல் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"இதுல இருக்கறத அப்படியே அடிச்சிக் குடுங்க சார்" என்றார்.