இணைப்பு ஏ: என் பேரில் ஓர் உறுதி

நாட்டில் வருமான வரி வந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். என் கட்டிடத்தைப் பற்றி அரசாங்கம் மூன்று கேள்வி கேட்டு ஒரு கடிதம் அனுப்பியது. என்னிடம் கேட்கவில்லை, என் புருஷனிடம் கேட்டது. அந்தக் கோபத்தை இன்றைக்கும் நான் இறக்கி வைக்கவில்லை, வைக்கப் போவதுமில்லை.

கண்டிக் கடைத்தெருவில் அவருக்குச் சுருட்டுக்கடை. யாழ்ப்பாணத்திலிருந்து சுருட்டு மூடை மூடையாக வரும். பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக்கடைகள் வரை அவருடைய சரக்குத்தான் போகும். நான் பெண்கள் பள்ளிக்கூடமொன்றில் ஆசிரியை. கடைக்கு நாலு வாசல் தள்ளி இருக்கும் சின்னக் கட்டிடம் என் தகப்பன் எனக்குச் சீதனமாக உறுதி எழுதித் தந்தது. அதில் ஒரு தையற்காரர் வாடகைக்கு இருந்தார். வாடகையை என் புருஷன் வாங்குவார். வீட்டுச் செலவுக்குத்தானே என்று நானும் பேசாமல் இருந்தேன். அது என் மடத்தனம்.

கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. அவருக்கு இங்கிலீஷ் வராது.

“இஞ்சாரும், என்ன எழுதியிருக்கிறான் எண்டு ஒருக்கா வாசியும்” என்று நீட்டினார்.

வாசித்தேன். அவர் கொடுத்த வரிப் பத்திரத்தில் அந்தக் கட்டிடத்துக்கு நேரே ‘எனது கட்டிடம்’ என்று அவருக்கு வழக்குப் பார்க்கும் புரொக்டருடைய கிளாக்கர் எழுதியிருக்கிறார். முனிசிபாலிட்டி கட்டிடங்களுக்கு வாங்கும் சோலைவரியின் பட்டியலிலோ ஒரு பெண்ணின் பேர் இருக்கிறது. ஆகவே கட்டிடம் யாருடையது, எந்த உறுதிப் பத்திரப்படி என்பது முதற்கேள்வி. திருத்த வேலைக்கென்று கழித்துக் காட்டிய செலவு உண்மையில் திருத்தமா, புதுக்கட்டா, அதற்குப் பில் எங்கே என்பது இரண்டாவது. எந்தெந்த மாதம் எவ்வளவு வாடகை வந்தது என்பது மூன்றாவது. இருபத்தொரு நாளில் பதில் வராவிட்டால் கையில் இருப்பதைக் கொண்டு தாங்களே கணித்துக்கொள்வார்களாம்.

“எனது கட்டிடமா?” என்றேன்.

“அவன் கிளாக்கர் எழுதினது. அதுக்கென்ன இப்ப? சட்டமே சொல்லுது, பெண்சாதியின்ரை வருமானம் புருஷன்ரை வருமானம் எண்டு.”

“வருமானத்தைத்தான் அப்பிடிச் சொல்லுது. கட்டிடத்தைச் சொல்லேல்லை.”

“எல்லாம் ஒண்டுதான். என்ரை எண்டே எழுதிவிடும்.”

ஒன்றல்ல. சேர்ந்து வாழும் பெண்சாதியின் வருமானத்தைப் புருஷனுடையதோடு கூட்டி அவனிடம் வரி வாங்கலாம் என்பதுதான் சட்டம். அதுவே எனக்கு வயிற்றெரிச்சல். அதையும் விழுங்கிக்கொண்டு, அந்த வாடகையை அவர் கணக்கில் காட்டத்தான் வேண்டும் என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் வரிக் கணக்குக்காகச் சட்டத்தில் எழுதிய ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு, என் தகப்பன் தந்ததையே தனதென்று சொல்வதை எப்படிப் பொறுப்பது? அவருக்கு இதனால் ஒரு சதம் மிச்சமில்லை. யாருடையது என்று எழுதினாலும் வரி அதேதான். பெண்சாதியின் கட்டிடத்தை வைத்துக்கொண்டு பிழைக்கிறான் என்று கொழும்பிலே முகம் தெரியாத ஒரு வரிக்கந்தோர் உத்தியோகத்தன் நினைத்துவிடக் கூடாதாம். அவ்வளவுதான் விஷயம்.

“நான் எழுதிறன். ஆனால் உள்ளதைத்தான் எழுதுவன்” என்றேன்.

அடுத்த நாள் ஒரு சுருட்டுப் பெட்டி நிறையக் காகிதங்களைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தார். புகையிலைப் பில், கோயிலுக்குக் கொடுத்த பற்றுச்சீட்டு, ரயில் சரக்குச் சீட்டு, எங்கள் கலியாணத்துக்கு வாங்கிய அலுமாரியின் பில் கூட அதில் இருந்தது. எல்லாவற்றையும் அனுப்பினால் தான் ஒளிக்காத மனிதன் என்று தெரியுமாம்.

“அவன் கேட்டது மூண்டு கேள்வி. அலுமாரியைக் கேட்டவனே?” என்று கேட்டு முக்கால்வாசியைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டேன்.

மிச்சத்தை மூன்று குவியலாகப் பிரித்தேன். முதற்கேள்விக்கு உறுதி. மூலப்பிரதியை அனுப்புவதாவது! அதை என் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, அந்த உறுதியை எழுதிய நொத்தாரிடம் அத்தாட்சிப்படுத்திய பிரதி ஒன்று வாங்கினேன். அதன் தலையில் ‘ஏ’ என்று எழுதினேன். அந்த வருஷத்துச் சோலைவரிப் பற்றுச்சீட்டுகளும் என் பேரில்தான் இருந்தன, அவையும் அதோடு சேர்ந்தன. மூன்றாவது கேள்விக்கு வாடகைப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளைப் பார்த்து மாதவாரியாக ஒரு பட்டியல் போட்டேன். அப்போதுதான் கண்டேன். ஒவ்வொரு அடிக்கட்டையிலும் அவருடைய கையெழுத்துக்குக் கீழே ‘சொந்தக்காரர்’ என்று இருந்தது. பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு தரம். அன்றைக்கு நான் சோறு போடவில்லை. தானே போட்டுத் தின்னட்டும் என்று இருந்துவிட்டேன்.

வினை இரண்டாவது கேள்வியில் இருந்தது. முந்திய வருஷத்துக் காற்றில் கூரை ஓடுகள் பறந்து, ஓட்டைத் தாங்கும் கைமரமும் சில உளுத்துப்போய் மாற்ற வேண்டி வந்தது. அவர் அப்போது சரக்கு வாங்க யாழ்ப்பாணம் போயிருந்தார். கண்டிக்குள்ளேயே மஹய்யாவயிலிருந்து மேசனை அழைத்து, என் பள்ளிக்கூடச் சம்பளத்தில் சேர்த்த பணத்தில் வேலையை முடித்தவள் நான். ஓட்டுக்கடைப் பில்லும் மேசனுடைய கூலிச் சீட்டும் என் பேரிலே இருந்தன. செலவைக் கழிக்க வேண்டுமென்றால் பில்லைக் காட்ட வேண்டும். பில்லைக் காட்டினால் என் பேரைக் காட்ட வேண்டும். ‘எனது கட்டிடம்’ என்ற கதை அந்த இடத்தில் முறிந்துவிடும்.

அதே வேலையோடு பின்பக்கம் புதிதாக ஒரு சின்னத் தாழ்வாரமும் போட்டிருந்தோம். பறந்த ஓட்டுக்கு ஓடு போடுவது திருத்தம், இல்லாத தாழ்வாரத்தை உண்டாக்குவது திருத்தமல்ல. அந்தச் செலவை நாமே பிரித்துக் காட்டி விட்டுவிடுவோம், அப்போதுதான் மிச்சத்தை நம்புவான் என்றேன். அதற்கும் முணுமுணுத்தார். ஆனால் அவருடைய மனசு தாழ்வாரத்தில் இல்லை, பில்லில் இருந்த பேரில் இருந்தது.

நாலாம் நாள் கடையிலிருந்து வரும்போது சிரித்துக்கொண்டே வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு பில்லை எடுத்து மேசையில் வைத்தார். அதே ஓட்டுக்கடை, அதே தொகை, அதே பழைய தேதி. பேர் மட்டும் அவருடையது. ஓட்டுக்கடை முதலாளி சிநேகிதர், கேட்டவுடன் எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

பழைய பில்லை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன்.

“ரண்டையும் வாசிச்சுப் பாருங்கோ. தலைப்பிலை கடை எந்த வீதியிலை எண்டு அடிச்சுக் கிடக்கு?”

பில் தலைப்புத் தமிழிலும் இருந்தது. அவர் குனிந்து பார்த்தார். கடை இடம் மாறியது இந்த வருஷம். கூரை வேய்ந்தது போன வருஷம். போன வருஷத்துத் தேதி போட்ட புதுப் பில்லில் இந்த வருஷத்து விலாசம் அச்சாகி இருந்தது.

“கண்டியிலை இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் அந்தக் கடை எப்ப மாறினது எண்டு தெரியும். ஒரு ஆளை விட்டு விசாரிச்சால் என்ன சொல்லுவியள்? இந்த ஒரு பில்லாலை உங்கடை சுருட்டுக் கணக்கு முழுவதும் பொய் எண்டாகும். அந்த ஓட்டுக்கடை மனிசனும் சேர்ந்து மாட்டுவார்.”

“சத்தம் போடாதையும். பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.”

“கேக்கட்டும்! என்ரை பேரை மறைக்கக் கள்ளப்பில் எழுதிவிச்சது கேக்கட்டும்.”

அவர் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவமானமா, பயமா தெரியாது. நான் இரக்கப்படவில்லை. இப்போதும் படவில்லை. கள்ளப்பில்லைக் கொண்டுபோய் அடுப்பில் போட்டேன்.

அன்று பின்னேரமே கடிதத்தை எழுதினேன். மேலே அவர்களுடைய பைல் இலக்கம், அவர்கள் எழுதிய தேதி. பிறகு அவர்கள் கேட்ட ஒழுங்கிலேயே ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றுக்கும் நடந்ததை இரண்டு மூன்று வசனத்தில் சொல்லி, ‘பார்க்க: இணைப்பு ஏ’ என்று குறித்தேன். பில்கள் ‘பி’, வாடகைப் பட்டியல் ‘சி’. தமிழில் இருந்த கூலிச் சீட்டுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் இங்கிலீஷ் எழுதுவித்துச் சேர்த்தேன். கெஞ்சலும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை. கடைசியில் இணைப்புகளின் பட்டியல்.

அவருக்குத் தெரியாமல் கையெழுத்து வாங்கியிருக்கலாம். எதை எழுதினாலும் அவருக்கு விளங்காது. ஆனால் எனக்கு வேண்டியது அதுவல்ல. தெரிந்துகொண்டு போட வேண்டும். வரிக்கு வரி தமிழில் சொன்னேன். “மேற்படி கட்டிடம் சீதன உறுதிப்படி என் மனைவிக்குச் சொந்தமானது. வரிப் பத்திரத்தில் எனது கட்டிடம் என்று எழுதியது பிழை. சட்டப்படி அவருடைய வாடகை என் வருமானத்தோடு சேர்த்துக் காட்டப்பட்டுள்ளது. கூரைத் திருத்தத்துக்கு அவரே பணம் செலுத்தினார்.”

“பிழை எண்டு போடத்தான் வேணுமோ?”

“ஓம். போடத்தான் வேணும்.”

பேனாவை வாங்கினார். அவர் தன் பேரைப் போட அவ்வளவு நேரம் எடுத்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. பிரதி ஒன்றிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தபால்கந்தோருக்கு நானே போய்ப் பதிவு செய்து, சீட்டைப் பிரதியில் குத்தி வைத்தேன்.

ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது. விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள், திருத்தச் செலவும் கழிந்தது. அவர் கடையில் இருந்த எல்லோருக்கும் தான் வரிக்கந்தோரை மடக்கிய கதையைச் சொன்னார். கதையில் நான் இல்லை. மாத முடிவில் வாடகைப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தையற்காரரிடம் போனேன்.

“அம்மா, இவ்வளவு நாளும் முதலாளிட கையிலதானே குடுத்த. அவர் ஏசினா நான் என்ன செய்ற?” என்று அவர் தையல் மெசினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“கட்டிடம் என்ரை எண்டு அரசாங்கத்துக்கே எழுதிக் கையெழுத்து வைச்சிட்டார். போய்க் கேட்டுப் பாருங்கோ” என்றேன். தையற்காரர் கேட்கப் போகவில்லை. வாடகையை என் கையில் தந்தார்.

அதற்குப் பிறகு மூன்றரை வருஷம்தான் என் புருஷன் உயிரோடு இருந்தார். அந்த மூன்றரை வருஷமும் வரிக் கடிதமெல்லாம் அவர் பேருக்கே வந்தன. வாசித்தவள் நான், பதில் எழுதியவளும் நான், கீழே கையெழுத்து மட்டும் அவருடையது.

அவர் போய் அடுத்த வருஷம், சுருட்டுக்கடையை நானே நடத்திக்கொண்டிருந்தபோது, பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. உறையில் முதன்முதலாக என் பேர். கடை வாசலில் நின்றபடியே பிரித்தேன். சோலைவரிப் பட்டியலின்படி மேற்படி கட்டிடத்தின் சொந்தக்காரி நான் என்று இப்போதுதான் தெரிய வருகிறதாம். இத்தனை வருஷமாக அதன் வாடகையைக் காட்டி என் பேரில் ஒரு வரிப் பத்திரமாவது ஏன் தரவில்லை என்று இருபத்தொரு நாளில் விளக்கம் எழுத வேண்டுமாம்.