சின்னத் துண்டு பாஸ், பெரிய துண்டு பச்சை

ஔந்து என்கிற மராட்டிப் பேட்டையில், எங்கள் அடுக்குமாடியில், மரச்சீனிக்கிழங்கை, அதாவது மரவள்ளியைப் பற்றி என்னைவிட விஷயம் தெரிந்தவன் கிடையாது. இதை நானே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். நாகர்கோவில்காரன் என்பதைத் தவிர வேறு தகுதி ஒன்றும் இல்லை. ஊரில் மலை மலையாகத் தின்றிருக்கிறேனே ஒழிய, ஒரு நாளும் அவித்ததில்லை.

எதிர்வீட்டு மராட்டி அம்மாளைக் காக்கு என்று கூப்பிடுவோம். நம் ஊர்ச் சித்தி மாதிரி. நானும் மனைவியும் ஆபீஸிலிருந்து வரும்வரை எங்கள் மகளைப் பார்த்துக்கொள்வது அவர்தான். அறுபது தாண்டியவர். ஏகாதசியன்று பகல் முழுக்கப் பட்டினி கிடந்து, சாயங்காலம் ஒரே வேளை ஜவ்வரிசிக் கிச்சடி சாப்பிடுவார். சாப்பிட உட்கார்ந்து எழுந்துவிட்டால் அவ்வளவுதான், மறுநாள் காலைவரை வெறும் தண்ணீர்.

அந்த ஏகாதசிக்கு நான் வாயைக் கொடுத்தேன். ஜவ்வரிசியே இந்தக் கிழங்கின் மாவுதான், அசல் இருக்கும்போது உருண்டை எதற்கு, சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்றேன். அவரும் கிச்சடிக்கு ஜவ்வரிசி ஊறப்போடாமல் என்னை நம்பிவிட்டார்.

மலையாளி கடையில் வாங்கிய கிழங்கு, அடியில் தொடை பருமன், நுனியில் விரல் பருமன். மேல்தோலையும் உள்ளே இருந்த தடித்த தோலையும் உரித்தேன். நுனியைச் சின்னதாக நறுக்கினேன். அடிப்பாகத்துக்கு வந்தபோது கை வலித்தது, முஷ்டி அளவில் போட்டுவிட்டேன். கிளம்பும் முன் மனைவி, எல்லாம் ஒரே அளவாக இருக்கட்டும் என்று சொல்லியிருந்தாள். கடைக்குப் போகிற அவசரத்திலும் யோசனை சொல்ல அவளுக்கு நேரம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். இங்கே பக்கத்தில் கட்கியில் பிறந்து வளர்ந்தவளுக்கு மரச்சீனியைப் பற்றி என்ன தெரியும்?

நிறையத் தண்ணீர் கொதித்தது. மூடாமல் அவித்தேன். போனில் இருபது நிமிஷம் என்று போட்டிருந்தது. மணி அடித்ததும் ஒரு துண்டை எடுத்து அமுக்கினேன், வெண்ணெயாய் நசுங்கியது. பாஸ். நான் மென்பொருள் சோதிப்பவன். லேசான இடத்தில் மட்டும் சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று எழுதுகிற பையன்களை ஆபீஸில் கிழி கிழியென்று கிழிப்பேன். தண்ணீரை வடித்துக் கொட்டினேன்.

விரதக்காரருக்கு மஞ்சளும் கடுகும் ஆகாது. உப்பும் நெய்யும் மட்டும் போட்டு, பக்கத்தில் வேர்க்கடலைச் சட்னி வைத்தேன். மரியாதைக்குரிய விருந்தாளி அல்லவா, இருந்ததிலேயே பெரிய துண்டுகளாகப் பொறுக்கித் தட்டில் அடுக்கினேன்.

காக்கு ஒரு வாய் கடித்தார். மென்றார். இன்னும் மென்றார். நான் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "சான் ஆஹே" என்றார். அருமை என்கிறார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் மனைவி வந்தாள். தட்டைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிய கையோடு வந்து, பெரிய துண்டு ஒன்றை எடுத்து உடைக்கப் பார்த்தாள். வெளியே மட்டும் உதிர்ந்தது. நடுவில் சுண்ணாம்புக்கட்டி போல வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. காக்குவின் கையிலிருந்து தட்டைப் பிடுங்கிக்கொண்டாள். விரதம் இருக்கிற பெரியவர் முன்னாலிருந்து தட்டை எடுப்பதா என்று நான் பதறினேன்.

"அரே, சும்மா இருங்க. பச்சைக் கிழங்குல சயனைடு வரும்னு ஸ்கூல் பசங்களுக்கே தெரியும். காலி வயித்துல வேற குடுத்திருக்கீங்க. சின்னத எடுத்துப் பாத்தா போதுமா? பெரிசுக்கு டபுள் டைம் வேணும்."

காக்குவிடம் எவ்வளவு உள்ளே போயிற்று என்று இந்தியில் விசாரித்தாள். ஒரு வாய்தான். என் மகளைத் தினமும் ஊட்டி வளர்க்கிற கைக்கு நான் விஷத்தைக் கொடுத்திருக்கிறேன்.

துண்டுகளை நாலாகப் பிளந்து, நடு நரம்பை உருவி எறிந்து, புதுத் தண்ணீரில் மறுபடி போட்டோம். இந்தத் தடவை இருப்பதிலேயே தடித்த துண்டில் கத்தியைக் குத்திக் குத்திப் பார்த்தேன். கத்தி தடங்கலில்லாமல் இறங்கி, துண்டுகள் தாமாக வெடித்து மலர இன்னும் அரைமணி நேரம் ஆனது. அதுவரை காக்கு எழுந்திருக்கவே இல்லை. எழுந்தால் அன்றைய சாப்பாடு முடிந்துவிடும். தட்டில்லாமல் தரையில் சப்பணமிட்டபடி என் மகளோடு பேசிக்கொண்டிருந்தார்.

கடைசியில் சூடாக வைத்தேன். பொறுமையாகச் சாப்பிட்டார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. முதல் வாயிலேயே வேகவில்லை என்று தெரியவில்லையா என்று கேட்டேன்.

"தெரிஞ்சது. கசந்தது," என்றார் இந்தியில். "நீ அவ்வளவு ஆசையா என் முகத்தையே பாத்துட்டு நின்ன. அதான், எல்லாத்தையும் சாப்பிட்டுடலாம்னு இருந்தேன்."