மருந்து என்று எழுதிய அஞ்சலி

இந்த ஜெர்மானியர்கள் சாவைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. அக்கா இறந்த செய்தியைப் பக்கத்து வீட்டு இங்கிரிடிடம் படிக்கட்டில் வைத்துச் சொன்னேன். என் கையைப் பிடித்து "ஹெர்ட்ஸ்லிஹெஸ் பைலைட்" என்றாள், மனமார்ந்த இரங்கலாம். மறுநாள் கறுப்புக் கரையிட்ட உறை ஒன்று தபால் பெட்டிக்குள் கிடந்தது. எப்படி என்று கேட்கவே இல்லை. எங்கள் விருதுநகர்ப் பக்கம் சாவு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் "எப்படி ஆச்சு?" என்றுதான் கேட்பார்கள். கேட்காதவனை மனுஷனாகவே மதிக்கமாட்டார்கள். எனக்கோ யாராவது கேட்கமாட்டார்களா என்றிருந்தது. கேட்காமலே நானாகச் சொன்னேன். மருந்து என்பதற்கு "மெடிகமென்ட்" என்று வாயில் வந்துவிட்டது. டாக்டர் தவறான மாத்திரை கொடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, நல்ல வக்கீலாகப் பாருங்கள் என்றாள் இங்கிரிட்.

சிவகாசிப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்களுக்கு மருந்து என்றால் வெடிமருந்து. பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து அடைப்பதுதான் முத்துமாரி அக்காவின் வேலை. "மருந்துக்குப் போறேன்" என்று சொல்லித்தான் வேன் ஏறுவாள். அன்றைக்கு அவள் வேலை பார்த்த அறை வெடித்துக் கூரையோடு போய்விட்டது. சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். நான் விமான டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது அங்கே எல்லாம் முடிந்திருந்தது.

போக முடியாதவள் என்ன செய்வாள்? ஏதாவது எழுதுவாள். அப்போதுதான் முகநூல் எங்கள் ஆட்களிடையே பரவிக்கொண்டிருந்தது. ஊர்ப் பிள்ளைகள் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து பார்ப்பார்கள். கல்யாணத்துக்கு முன்பு நான் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வடிவமைத்தவள். காலையில் இறந்தவருக்கு மதியம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் போஸ்டர் காய்ந்துகொண்டிருக்கும். மேலே படம், நடுவில் 'அகால மரணமடைந்தார்', அடியில் வருந்தும் குடும்பத்தார் பெயர் ஒன்றுவிடாமல். ஒரு பெயர் விட்டுப்போனால் கருமாதிவரை சண்டை நடக்கும். அக்காவுக்கும் அப்படி ஒன்று செய்வதாக நினைத்தேன். இது சுவரில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

அத்தானிடம் கேட்காமல் போடவில்லை. அக்கா புருஷன், அவள் வேலை பார்த்த அதே பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர்.

"போடும்மா, வேணாங்கல. ஆனா கம்பெனி பேரு வரக்கூடாது, ஊரு பேரும் வேணாம். ஆமத்தூர்ப் பக்கம்னு போட்டாலே எந்தக் கம்பெனின்னு தெரிஞ்சுபோகும். கேஸு நடக்கு. நாளைக்கு நானும் அங்கனதான் வேலைக்குப் போகணும்" என்றார்.

"வெடி விபத்துன்னு போடலாமா அத்தான்?"

"அதுவும் வேணாம்மா. பேப்பர்ல போட்டுப் போட்டோ புடிச்சு நாறடிச்சது போதும்."

ஆலை, ஊர், விபத்து மூன்றையும் எடுத்தபின் மிஞ்சியதைக்கொண்டு ஒரு வரி கட்டினேன்: 'எங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்ட மருந்தே என் அக்காவை எடுத்துக்கொண்டது.' நம் ஆட்களுக்குப் புரியும், வெளியாளுக்குப் புரியவேண்டியதில்லை என்று எனக்கு ஒரு பெருமைகூட. குலதெய்வக் கோயிலில் மகளோடு அக்கா நிற்கும் படத்தை ஆல்பத்தில் ஏற்றினேன். போஸ்டர் பழக்கத்தில், கணக்கு வைத்திருந்த சொந்தக்காரர் பெயரையெல்லாம் அந்தப் படத்தில் டேக் செய்தேன். அக்கா மகள் கவிதா விருதுநகரில் கல்லூரியில் படிக்கிறாள். அவள் பெயரைத்தான் முதலில் போட்டேன். ஆல்பத்தை யார் பார்க்கலாம் என்ற இடத்தில் 'நண்பர்களின் நண்பர்கள்' என்றிருந்தது. அதை நான் தொடவில்லை.

முதல் நாள் ஆறுதலாக இருந்தது. 'அக்கா கையால் சாப்பிட்டிருக்கிறேன்' என்று ஒருத்தி எழுதினாள். ஜெர்மன் தோழி ஒருத்தி 'கெஃபெல்ட் மியர்' என்ற பொத்தானை அமுக்கிவைத்தாள். 'எனக்குப் பிடித்திருக்கிறது' என்று பொருள். உடனிருக்கிறேன் என்று காட்டினாளாம். 'சாவுப் படத்துக்கு யாருடி சந்தோஷப்படுறது' என்று ஒரு சித்தப்பா எனக்குத் தனியே செய்தி போட்டார். அதையெல்லாம் சிரித்துத் தாண்டிவிட்டேன்.

பிறகு யாரோ ஒருவர், சென்னைக்காரர், கேட்டார்: 'ஐயோ, என்ன மருந்து குடித்தார்? வீட்டில் பிரச்சினையா?' அடுத்தவர்: 'பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படிச் செய்யலாமா? தற்கொலை கோழைத்தனம்.' மூன்றாமவர் புருஷனை விசாரிக்க வேண்டும் என்றார். வயலுக்கு அடிக்கும் மருந்தைக் குடித்தவர்களையும் நாம் 'மருந்தக் குடிச்சிட்டா' என்றுதான் சொல்கிறோம். எனக்கு அது தெரியாதா? பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கான கதை. அதுவும் என் அக்காவின் முகத்தில்.

நான் பதில் எழுதத் தொடங்குவதற்குள் கவிதா போனில் வந்தாள்.

"சித்தி, ஒங்க அம்மா மருந்து குடிச்சாகளான்னு கிளாஸ்ல கேக்காக. அப்பா குடிச்சிட்டு அடிப்பாரான்னு கேக்காக. எதுக்கு சித்தி என் பேரச் சேத்தீக?"

டேக் செய்ததால் அந்தப் படம் அவள் பக்கத்திலும் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் தோழிகள், தோழிகளின் தோழிகள், எல்லாரும் பார்த்துவிட்டார்கள். தாயைப் பறிகொடுத்த பிள்ளையைத் தாயின் மானத்துக்கும் பதில் சொல்ல வைத்துவிட்டேன்.

"இப்பவே எல்லாத்தையும் அழிச்சிடுறேன்" என்றேன்.

"அழிச்சா அது நெசம்னு ஆயிரும் சித்தி. அம்மா அப்படிப் பண்ணல, அது தெரியணும். முதல்ல என் பேர எடுங்க. அம்மா மட்டும் இருக்க போட்டோ போடுங்க."

அத்தான் பக்கத்தில்தான் இருந்தார் போலும். போனை வாங்கினார். "வேலையில நடந்த வெபத்துன்னு போட்டுரும்மா. கம்பெனியும் ஊரும் மட்டும் வேண்டாம். இதுக்கு மேல அவ பேரு கெடக்கூடாது" என்றார்.

போட்ட படத்தை மாற்ற அங்கே வழியில்லை. அழித்துவிட்டுப் புதிதாகத்தான் போடவேண்டும். அழித்தால் நல்ல வார்த்தைகளும் சேர்ந்து போகும். அவற்றை எடுத்து ஒரு கோப்பில் ஒட்டிக் கவிதாவுக்கு அனுப்பினேன். தப்பாக எழுதிய மூவருக்கும் தனித்தனியே செய்தி அனுப்பி உண்மையைச் சொன்னேன். ஒருவர் மட்டும் மன்னிப்புக் கேட்டார். பிறகு பழைய ஆல்பத்தை நீக்கி, அக்கா மட்டும் இருக்கும் படத்தை, யாரையும் டேக் செய்யாமல், நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி ஏற்றினேன். வாசகத்தைப் போனில் படித்துக் காட்டிய பிறகே அனுப்பினேன்: 'என் அக்கா முத்துமாரி, வேலையிடத்தில் நடந்த வெடி விபத்தில் இறந்தார். முன்பு நான் எழுதிய சொல் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது, தவறு என்னுடையது. குடும்பத்தாரிடம் விவரம் கேட்க வேண்டாம்.' அதன் அடியிலும் பட்டாசு முதலாளிகளைத் திட்டி ஒருவர் கம்பெனிப் பெயரை ஊகித்து எழுதினார். கோபம் நியாயமானதுதான், எனக்கும் அதே கோபம். ஆனாலும் அத்தானை நினைத்து அதை நீக்கினேன். நீக்கும்போது என்மீதே வெறுப்பாக இருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்த ஒரு பக்கத்தையாவது மூடிவைக்கலாம், அவ்வளவே.

அந்தப் புது ஆல்பத்தை ஏற்றும்போது 'இடம்' என்று ஒரு கட்டம் வந்தது, ஜெர்மனில். படம் எங்கே எடுத்தது என்று கேட்டது. ஊர்ப் பெயரை அடித்துவிட்டு, வாக்குக் கொடுத்தது நினைவுக்கு வர, ஒவ்வொரு எழுத்தாக அழித்துக் காலியாக விட்டேன். என் பெயருக்குக் கீழே நான் வசிக்கும் ஜெர்மன் நகரம் மட்டும் தெரிந்தது.

இந்த நகரத்திலேயே இருக்கும் ஒரு தமிழ்ப் பெண், புதிதாக நட்பில் சேர்ந்தவள், படத்தின் கீழே எழுதியிருந்தாள்: 'வருந்துகிறேன். உங்கள் அக்கா இங்கேதான் இருந்தாரா?'

'இல்லை' என்று அடித்தேன். அடுத்த சொல்லாக வரவேண்டிய ஊர் விரல் நுனியில் நின்றது. அதை எழுதாமலே அனுப்பினேன்.