நெல்மணிப் புள்ளி

மெஹந்தி போட என்னிடம் வருகிற மணப்பெண்கள் எல்லோருக்கும் ஒரே ஆசைதான். மாப்பிள்ளை பெயரை உள்ளங்கையில் எங்காவது ஒளித்து வைக்க வேண்டும், அவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நான் ஆங்கில எழுத்தைக் கொடிபோல் வளைத்து இலைக்குள் சொருகிவிடுவேன். விழுப்புரத்தில் பல வருஷமாக அதுதான் என் பிழைப்பு.

திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த அந்தப் பெண் மட்டும் கைப்பேசியில் ஒரு கடை ஷட்டரின் படத்தைக் காட்டினாள். பெயரைத் தமிழில், இதே எழுத்து மாதிரியில் எழுத வேண்டும் என்றாள். மாப்பிள்ளை கூட்டேரிப்பட்டில் லாரிக்கும் ஷட்டருக்கும் பெயர் எழுதுகிறவராம். நிச்சயத்துக்குப் பிறகு இரண்டு முறைதான் பேசினாராம், அதுவும் சாப்பிட்டாயா என்று.

“அவர நான் அறிஞ்சி வெச்சிக்கினு இருக்கேன்னு அவருக்குத் தெரியணும்க்கா. வாயால சொல்ல மாட்டேன். அவரே பாத்துக் கண்டுபுடிக்கட்டும்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பிரஷ்ஷால் எழுதுவது வேறு, மெஹந்தி அடைத்த கோனால் எழுதுவது வேறு என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். பட்டைப் பிரஷ் ஒரே இழுப்பில் தடிமனும் மெலிவும் தந்துவிடும். கோனின் கூர்முனையிலிருந்து வருவது உருண்டையான ஒரே இழைதான். அழுத்தினால் தடிக்கும், அழுத்தத்தை விட்டு வெடுக்கென்று இழுத்தால் வாலாக மெலியும், அவ்வளவுதான். அவள் எதிர்த்துப் பேசவில்லை. படத்தை மட்டும் அனுப்பிவிட்டுப் போனாள். அதனாலேயே எனக்கு உறுத்தலாகிவிட்டது.

அன்றைக்கே என் முன்கையில் எழுதிப் பார்த்தேன். பெயரின் நடுவே மூன்று சுழி ண. ஷட்டரில் உள்ள தடிமன் வர அழுத்திப் போட்டதில் மருதாணி விழுது பரவி, மறுநாள் உதிர்த்துப் பார்த்தபோது சுழிகள் மூன்றும் அடைத்துக்கொண்டு மூன்று திட்டுகளாக நின்றன. கோன் முனையைப் பொடியாக வெட்டி மெல்லிசாக எழுதினேன். சுழி பிழைத்தது, ஆனால் அது பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் எழுத்தாக இருந்தது. வெறுத்துப் போனது.

பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மனிதர் மெய்யெழுத்துக்குப் புள்ளியை வட்டமாக வைப்பதே இல்லை. பிரஷ்ஷைச் சாய்த்து ஒரு ஒற்றல், நெல்மணி மாதிரி. சுற்றிலும் சிவப்பு அடித்து எழுத்தை வெள்ளையாக விட்டிருந்தார். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. எழுத்தை நான் எழுத வேண்டியதே இல்லை, சுற்றிலும் நிரப்பினால் போதும்.

திண்டிவனம் மண்டபத்தில் நடக்கவிருந்த வரவேற்புக்கு இரண்டு நாள் முன்னால் போட்டேன். எதிரே உட்கார்ந்தால் எழுத்து தலைகீழாக வரும் என்று தலையணையில் அவள் கையைத் திருப்பி வைத்துக்கொண்டேன். மெல்லிய கோனால் எழுத்தின் வெளி ஓரத்தை வரைந்து, பெரிய கோனால் வெளியே அடர்த்தியாக நிரப்பினேன். விழுது பரவி உள்ளே வரும் என்பதால் எழுத்துக்கு வேண்டியதைவிடச் சற்று அகலமாகவே தோலை விட்டேன். சுழிகள் ஒவ்வொன்றுக்குள்ளும் விழுதால் ஒரு சின்னப் பொட்டு. கடைசி மெய்யெழுத்தின் தலையில் புள்ளியாக நெல்மணி அளவுக்கு ஒரு வெற்றிடம். சுற்றி இலைகளிலும் அதே மாதிரி வெற்று நரம்புகளை விட்டதால், தேடாதவர் கண்ணுக்கு எழுத்து தெரியாது.

அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒளித்தது அதிகமாகிவிட்டதோ என்று பயம்.

வரவேற்பு அன்று சாயங்காலம் சேலை கட்டிவிட நான்தான் போயிருந்தேன். கை நன்றாகச் சிவந்திருந்தது. மேடை ஏறும் முன் சொந்தக்காரப் பெண்கள் மாப்பிள்ளையை உட்காரவைத்துத் தேடச் சொன்னார்கள். எல்லா மாப்பிள்ளைகளையும்போல் அவரும் ஆங்கில எழுத்தைத்தான் தேடினார். விரலோரம் பார்த்தார், மணிக்கட்டைப் பார்த்தார். பெண்கள் கேலி செய்யத் தொடங்கினார்கள். அவள் தலை குனிந்துவிட்டது. சொல்லிவிடலாமா என்று என் வாய் துறுதுறுத்தது. சொன்னால் அவள் கேட்டது கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் சட்டென்று நிறுத்தினார். விரல் அந்தப் புள்ளிமேல் நின்றது. பிறகு பின்னோக்கிப் போய், முதல் எழுத்திலிருந்து, பிரஷ் ஓட்டுகிற வரிசையிலேயே விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். ண வந்ததும் மூன்று சுழியையும் நிதானமாகச் சுற்றினார்.

“இது நான் வெக்கிற புள்ளியாச்சே. எங்க பாத்த?”

“நீங்க எழுதுன ஷட்டருக்கு எதிர்லதாங்க தெனமும் எங்க பஸ்ஸு நிக்கும். பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடியே எனக்கு உங்க எழுத்து தெரியும்.”

அவர் அவள் கையை விடவே இல்லை. மேடைக்குக் கூப்பிட்டு இரண்டு முறை ஆள் வந்தது. அப்பாடா என்று நான் சுவரில் சாய்ந்தேன். அப்புறம்தான் மத்தியானமே சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வர, நேராகப் பந்திக்குப் போய் உட்கார்ந்தேன்.