மாசாமாசம் தவறாமல் வரும் என்றேன்

எனக்கு முதன்முதல் வந்தபோது அட்டை கடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன், நல்ல மழை, தொடையோடு இரத்தம் வழிந்தது. அட்டையைத் தேடித் தேடிச் சுண்ணாம்பு தடவினேன். அட்டையும் கிடைக்கவில்லை, இரத்தமும் நிற்கவில்லை. சாகப் போகிறேன் என்று அழுதேன். பக்கத்து நிரையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அதனால் என் மூத்த மகளுக்குப் பன்னிரண்டு வயது முடிந்ததும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து, மடித்து, இடுப்பு நாடாவில் கட்டிக் காட்டினேன். "பயப்படாத. எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதான். மாசாமாசம் தவறாம வரும்" என்றேன். எங்கள் லயத்து வீடுகளில் வேறு எந்தத் தாய் இவ்வளவு சொல்லியிருப்பாள் என்று உள்ளுக்குள் ஒரே பெருமை.

சில மாதத்தில் அவள் பெரியமனுஷியானாள். பயப்படவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து என் காதோடு சொன்னாள். தண்ணீர் ஊற்றிச் சடங்கு செய்தோம். அடுத்த மாதமும் வந்தது. அதற்கடுத்த மாதம் வரவில்லை. நான் வாய்திறந்து கேட்கவில்லை, ஆனால் கொடியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். துணி தொங்கவில்லை.

அதற்கும் அடுத்த மாதம், "வந்திருச்சும்மா" என்று தன் தட்டையும் பாயையும் எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள். எனக்கு உயிர் வந்தது. மறுநாள் அவள் துணி அலசிய வாளியைக் கொட்டப் போனேன். தண்ணீரில் வெறும் சவர்க்கார நுரை. கொடியில் கிடந்த துணியை எடுத்துப் பார்த்தேன். கறையின் சுவடுகூட இல்லை. மூன்று நாளும் பார்த்தேன். மூன்று நாளும் அப்படியேதான்.

வராததை வந்ததாக ஒரு பெண்பிள்ளை எதற்கு நடிக்க வேண்டும்? எனக்கு ஒரே ஒரு பதில்தான் தோன்றியது. அன்றிலிருந்து அவள் வயிற்றையே பார்த்தேன். புளி கேட்டாலும் சந்தேகம், சோறு வேண்டாம் என்றாலும் சந்தேகம். பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அக்காவின் கண்ணிலும் அந்தக் கறையில்லாத துணி பட்டிருந்தது.

"ஒம் மக தலவாக்கலைல பள்ளிக்கூடம் விட்டதும் நேரா வாறாளா? கேட்டுப் பாரு" என்றாள், கறிக்கு உப்பு இருக்கிறதா என்று கேட்பது போல.

நான் மகளிடம் கேட்கவில்லை. கன்னத்தில் ஓர் அறை விட்டு, "நாளையிலருந்து பள்ளிக்கூடம் கெடையாது" என்றேன். அவள் வாயே திறக்கவில்லை. அதுவும் எனக்குச் சாட்சியாகவே பட்டது. அவள் அப்பா காதில் விழுந்தால் வட்டவளையில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு அனுப்பி, கையோடு கல்யாணத்தையும் முடித்துவிடுவார். அதற்கு முன் உண்மை தெரிய வேண்டும் என்று தோட்டத்து டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

மருத்துவச்சி அம்மா என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். எனக்கு அவர்மீதும் சந்தேகம் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து என்னத்தை மறைக்கிறார்கள்? ஒருவழியாக உள்ளே கூப்பிட்டார்.

"ஒங்க புள்ளைக்கு ஒண்ணுமில்ல. வயித்தையும் பாத்துட்டேன், கண்ணையும் இழுத்துப் பாத்துட்டேன். ஆரம்பத்துல ரெண்டு மூணு வருஷம் இப்படித்தான் முன்னபின்ன வரும். ரெண்டு மாசம் வராமலும் போகும். மூணு மாசம் தாண்டுனாலோ, ஒரு வாரத்துக்கு மேல நிக்காம போனாலோ கூட்டிக்கிட்டு வாங்க. இப்ப நல்லா சாப்பிடக் குடுங்க, போதும்."

"அப்ப எதுக்கு நடிச்சா?" என்றேன். எனக்குச் சந்தேகம் இன்னும் விடவில்லை.

"ஒங்களுக்கு ஆரம்பத்துல தவறாமலா வந்துச்சு?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

வரவில்லை. அட்டை என்று நினைத்த அந்த நாளுக்குப் பிறகு எனக்கும் ரொம்ப நாள் வரவில்லை. கேட்க ஆளில்லாமல் அதை விழுங்கி, மறந்தே போயிருந்தேன்.

மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீங்கதானேம்மா மாசாமாசம் தவறாம வரும்னு சொன்னீங்க. எனக்கு வரல. எனக்குள்ள என்னமோ கெட்டுப் போச்சுனு நெனச்சேன். நீங்க கொடியையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. அதான் நல்ல துணிய நனைச்சுப் போட்டேன்."

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் கன்னத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போனாள். அடுத்த வாரம் நிஜமாகவே வந்தது. அவள் என்னிடம் சொல்லவில்லை. வெயிலில் காய்ந்த துணியின் கறையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்துச் சின்னவளை உட்காரவைத்துத் துணி மடித்துக் காட்டினேன். இந்த முறை முன்னபின்ன வரும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். மூத்தவள் அடுப்படியில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வந்தா அம்மாக்கிட்ட சொல்லு" என்றாள் தங்கையிடம். பிறகு என்னைப் பார்த்தாள். "வராட்டி சொல்லலாமாம்மா?"