செயலாளர் பதவிக்கு இரண்டு பேர்

எங்கள் கல்லூரி தெற்கே, ரயிலில் ஓர் இரவு தூரத்தில் இருக்கிறது. அங்கே படித்த இத்தனை பேர் தாம்பரத்தைச் சுற்றிக் குடியிருக்கிறோம் என்பது வாட்ஸ்அப் குழு தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகு சும்மா இருப்போமா? முன்னாள் மாணவர் சங்கத்துக்கு இங்கே ஒரு கிளை தொடங்க முடிவாயிற்று.

பெருங்களத்தூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஹாலைப் பிடித்தது நான். டீ, சமோசா சொன்னது நான். நிகழ்ச்சி நிரல் அடித்ததும் நான்தான். நிர்வாகிகள் பட்டியல் மட்டும் குழுவில் முன்கூட்டியே பேசித் தயாராகிவிட்டது. செயலாளர், பொழிச்சலூரிலிருந்து வரும் ஓர் அண்ணா. நன்றாகப் பேசுவார். நான் இணைச் செயலாளர். பள்ளி ஆசிரியர் சங்கத்திலும் நான் அதுதான், சர்ச்சிலும் அதுதான். வேலை முழுவதும் இணைச் செயலாளருக்கு, மைக் செயலாளருக்கு. இந்த ஒரு முறையாவது செயலாளராக வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை. கேட்டு வாங்குவதா என்று ஒரு கூச்சம்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்குக் கூட்டம். ஜிஎஸ்டி ரோடு நெரிசல் புண்ணியத்தில் பதினொன்றேகாலுக்குத் தொடங்கியது. தேர்தல் அதிகாரியாக எங்கள் சீனியர் ஒருவரை உட்கார வைத்தோம். வங்கியில் ஓய்வு பெற்றவர். எழுத்து எழுத்தாகச் சட்டம் பார்ப்பவர். நிரலைக் கையில் வாங்கியதுமே கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"மேடம், எலெக்‌ஷனை மூணாவதா போட்டுட்டு சந்தாவை நாலாவதா போட்டிருக்கீங்க. மெம்பரே ஆகாதவங்க எப்படி ஓட்டு போடுறது?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது சரி. சந்தாவை முன்னால் கொண்டுவந்தோம். வருடத்துக்கு முந்நூறு, ஆயுள் சந்தா இரண்டாயிரம் என்று அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு முடிவானது. கட்டுவதற்கு வங்கிக் கணக்கு இல்லை. கணக்குத் தொடங்க நிர்வாகிகள் வேண்டும். அதனால் இன்று படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாரும் உறுப்பினர், கணக்குத் தொடங்கிய ஒரு மாதத்துக்குள் சந்தா என்று தீர்மானம் போட்டோம். வந்திருந்த முப்பத்தைந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அப்புறம்தான் தேர்தல்.

தலைவர் பதவிக்கு முன்மொழியப்பட்டவர், "ஐயையோ, எனக்கு வேணாம்பா" என்றார். அதிகாரி பேனாவைத் திறப்பதற்குள், "நீங்கதான் சார்!" என்று ஹாலே கத்தியது. அவரும், "சரி, எல்லாரும் சொல்றதால..." என்று ஏற்றுக்கொண்டார். நம் வழக்கமே அதுதானே.

செயலாளருக்குப் பொழிச்சலூர் அண்ணாவை முன்மொழிந்து வழிமொழிந்தார்கள். அப்போது இரும்புலியூரிலிருந்து வந்திருந்த என் பழைய ஹாஸ்டல் தோழி எழுந்து என் பெயரைச் சொன்னாள். பின்வரிசையில் யாரோ வழிமொழிந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். வாயோ அதன் பழக்கத்தில், "ஐயோ, நான் எதுக்கு? அண்ணாவே இருக்கட்டும்" என்றது.

யாரும் கத்தவில்லை. அதிகாரி என் பெயரைக் கோடு போட்டு அடித்தார்.

"மேடம் வாபஸ். ஆக, போட்டியின்றி..."

"சார், இருங்க! நான் வாபஸ் வாங்கல."

"இப்பதானே சொன்னீங்க?"

"அது சும்மா ஒரு மரியாதைக்குச் சொன்னது சார். எனக்கு செக்ரட்டரி ஆகணும்னு ஆசை."

ஹால் சிரித்தது. என் காது சூடாகிவிட்டது. அண்ணாவும் சிரித்தார். "குரூப்லயே சொல்லியிருக்கலாமேம்மா. நான் வேணா விலகிக்கிறேன்."

"வேணாம்ணா. ஓட்டே போடட்டும்."

எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. அதிகாரி ஓட்டுப் போடுவதில்லை என்று ஒதுங்கிக்கொண்டு, என் பெயரை மறுபடி எழுதினார். முதலில் அண்ணாவுக்குக் கை தூக்கச் சொன்னார். பதினாறு. அடுத்து எனக்கு. கூச்சத்தை ஓரமாக வைத்துவிட்டு முதல் ஆளாக நான் கையைத் தூக்கினேன். அவர் இரண்டு தடவை எண்ணினார். பதினேழு.

டீ குடிக்கும்போது அண்ணா பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கு வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை.

"எனக்கு நானே எப்படிம்மா கை தூக்குறது? அசிங்கமா இருக்கும்னு சும்மா இருந்துட்டேன். தூக்கியிருந்தா சமமா ஆகியிருக்கும்."

"பார்த்தேண்ணா" என்றேன். சமோசாத் தட்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, மினிட்ஸ் நோட்டில் கையெழுத்துப் போட்டு, அதன் கீழே செயலாளர் என்று எழுதினேன்.