எண்ணெய் ஊசி

மருதாசலம் ஊசி போட்டால் கோழிக்கு நோகாது என்று புதன்சந்தைச் சுற்றுவட்டாரத்தில் ஒரு பெயர் உண்டு. இருபத்திரண்டு வருடமாகப் பண்ணை பண்ணையாகப் போய் முட்டைக்கோழிகளுக்குத் தடுப்பூசி போடுகிறவர். ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு அவர்தான் தலைவர். படிப்பு பத்தாவதோடு சரி. ஆனால் மருந்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கால்நடை டாக்டரே கொஞ்சம் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான்.

ஊசி போட்ட இடத்தில் கட்டி நிற்கிறதே என்று பண்ணைக்காரர் யாராவது குறைப்பட்டால் அவருக்குக் கொண்டாட்டம்.

"உசுரு மருந்துன்னா, கிருமி உசுரோட உள்ள போயித் தானாப் பெருகிக்குமுங்க. கண்ணுல ஒரு சொட்டு உட்டாப் போதும். இது செத்த கிருமி. வெறுந் தண்ணில கலந்து குத்துனா, கோழி ஒடம்பு அதைச் சட்டையே பண்ணாது. அதனாலதான் எண்ணெயில கலந்து குடுக்கறாங்க. எண்ணெய் எடத்தை உட்டு நகராது. மருந்தைப் புடிச்சு வெச்சுக்கிட்டுக் கொஞ்சங் கொஞ்சமா உடும், அந்த எடத்தையும் உறுத்திக்கிட்டே இருக்கும். உறுத்துனாத்தானுங்க, என்னமோ வந்திருக்குதுன்னு ஒடம்பு ஆளைத் திரட்டிக்கிட்டு வரும். கட்டி இருக்குதா, மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

இத்தனையும் சரியான பேச்சு. தப்பே கிடையாது. அதை நினைத்தால்தான் இன்று அவருக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

குழுவில் கோழியைப் பிடித்துக் கொடுப்பவள் பிரவீனா. முப்பது வயது. வேலை இல்லாத நாளில் வீட்டில் ஜாக்கெட் தைப்பாள். ஆரிப் பூவேலைக்கு இராசிபுரத்திலிருந்துகூட அவளைத் தேடி வருவார்கள். சீக்கிரம் கோழிக்கூண்டை விட்டுவிட்டுத் தையல் கடை போட்டுவிட வேண்டும் என்பது அவள் கணக்கு.

போன கார்த்திகையில், பதினைந்து வாரக் கோழிகளுக்கு எண்ணெய் ஊசி. மதியம் மூன்று மணி இருக்கும். அவள் தொடையைப் பிடித்துக் காட்டிய கோழி சட்டென்று உதறியது. மருதாசலத்தின் ஊசி அவளுடைய இடது ஆள்காட்டி விரலில் இறங்கியது. விசையையும் அழுத்திவிட்டார். அரை மில்லி, பால்போல வெள்ளையாக, முழுதும் உள்ளே போய்விட்டது.

"ஏனுங்ணா, சுருக்குன்னு இல்லீங்க, கடுகடுன்னு வலிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போயிரலாமுங்களா?"

"அட, கோழி மருந்து அம்மிணி. மனுசனுக்கு ஒண்ணும் பண்ணாது. உசுரு மருந்தே எங் கண்ணுல எத்தனை தடவ தெறிச்சிருக்குது. ரெண்டு நாள் செவந்துச்சு, போயிருச்சு. இது செத்ததுதான. இந்த ஷெட்டை முடிச்சுட்டுப் போலாம்."

முடித்துவிட்டு ஊர் கிளினிக்குக்குப் போனார்கள். சாதாரணத் தடுப்பூசிதான் என்று மருதாசலமே டாக்டரிடம் முந்திக்கொண்டு சொன்னார். எண்ணெய் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் விரல் வீங்கி, நுனி வெளுத்து, சில்லிட்டுக் கிடந்தது. சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார். அங்கே கை அறுவைசிகிச்சை டாக்டரம்மா, மருந்துப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். உள்ளே மடித்திருந்த தாளை விரித்து ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். மனிதர் கையில் தவறிக் குத்திவிட்டால், சிறிதளவாக இருந்தாலும் உடனே அறுவை மருத்துவரிடம் போக வேண்டும், இந்தத் தாளையும் எடுத்துப் போக வேண்டும் என்று எழுதியிருந்தது. மருதாசலம் எத்தனை ஆயிரம் பெட்டி பிரித்திருப்பார்! அந்தத் தாளைக் கூளத்தோடு கூளமாக எறிந்ததுதான் மிச்சம்.

"கிருமி ஒண்ணும் பண்ணலைங்க, எண்ணெய்தான். கோழித் தொடையில சதை இருக்கு, வீங்கறதுக்கு இடம் இருக்கு. விரல்ல ஏது இடம்? எண்ணெய் நகராம உறுத்திக்கிட்டே இருக்கு, வீக்கம் ரத்தக்குழாயை நெரிச்சிருச்சு. நேத்தே வந்திருந்தா கீறிக் கழுவி எடுத்திருக்கலாம். விரல் தப்பிச்சிருக்கவும் வாய்ப்பு இருந்துச்சு" என்றார் டாக்டரம்மா.

அன்றே கீறிக் கழுவினார்கள். ஆனாலும் ஒன்பதாம் நாள் விரலில் இரண்டு கணு போயிற்று.

தினமும் பால் பாக்கெட்டோடு மருதாசலம் ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றார். அவள் திட்டியிருந்தால் தேவலை. புருஷனாவது சட்டையைப் பிடித்திருக்கலாம். வீட்டுக்கு அனுப்பிய அன்று அவரே தாங்க மாட்டாமல் கேட்டார்.

"அன்னைக்கு எம் பேச்சைக் கேக்காம நீயே பஸ் ஏறிப் போயிருக்கலாமே, சாமி?"

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பிரவீனா அவரை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"எனக்கு மருந்தைப் பத்தி என்னங்ணா தெரியும்? உங்களுக்குத்தான் எல்லாந் தெரியுமேன்னு இருந்துட்டனுங்க."